சான்று இல்லாமலே கடவுளை நம்புவது அறிவுக்குப் பொருந்துமா? பிளான்டிங்கா எந்தப் படியில் நிற்கிறார்?

திணைமயக்கம்

அமெரிக்கத் தத்துவஞானி ஆல்வின் பிளான்டிங்காவின் 1983 கட்டுரையை முழுதாகவும் 2000-இல் வந்த தடித்த புத்தகத்தைப் பாதி வரையும் வாசித்திருக்கிறேன். கால்வின் வழிவந்த சீர்திருத்தத் திருச்சபை மரபில் முளைத்ததால் அவர் கொள்கைக்குச் சீர்திருத்த அறிவாய்வியல் என்று பெயர் என்பது வரை தெரியும். கடவுள் நம்பிக்கைக்கு வாதமோ சான்றோ கட்டாயமில்லை, அவை இல்லாமலே அது அறிவுக்குப் பொருந்தலாம் என்கிறார். நான் இடறுவது ஒரே இடத்தில்தான். சான்று வேண்டாம் என்று ஒருமுறை கதவைத் திறந்துவிட்டால் எதுதான் உள்ளே வராது? பூமி தட்டை என்பவரும் இதையே சொல்லிவிட்டுப் போகலாமே. பிளான்டிங்கா இதை எந்தப் படியில் தடுக்கிறார் என்று யாராவது காட்டினால் நல்லது.

கடைசிப்பெஞ்சு

இதுல தடுக்க என்ன இருக்கு? எல்லாமே கடைசியில் நம்பிக்கைதான். விஞ்ஞானியும் நாளைக்குச் சூரியன் உதிக்கும்னு நம்பத்தான் செய்யறார். கடவுளை நிரூபிக்கவும் முடியாது, இல்லைன்னு காட்டவும் முடியாது. அதனால அறிவைக் கொஞ்சம் ஓரமா வச்சிட்டு நம்புங்கன்னு சொல்றார். அவ்வளவுதான்.

ஒற்றைப்பனை

கடைசிப்பெஞ்சு, அது வேறு கட்சி. அறிவை ஓரமாக வை என்பவர், அறிவின் தீர்ப்பு தனக்கு எதிராக இருக்கிறது என்று முதலிலேயே விட்டுக்கொடுத்துவிடுகிறார். பிளான்டிங்கா அதை விட்டுக்கொடுக்கவில்லை. அறிவு ஒழுங்காக வேலை செய்யும்போதே வாதமில்லாமல் பிறக்கும் நம்பிக்கைகள் பல உண்டு, கடவுள் நம்பிக்கையும் அந்த வகையாக இருக்கலாம் என்பதுதான் அவர் பேச்சு.

தமிழில் இதைப் பேசும்போது பாதிக் குழப்பம் 'ஆதாரம்' என்ற சொல்லால் வருகிறது. ஒரு முடிவை நிறுவ நாம் முன்வைக்கும் சான்றையும் ஆதாரம் என்கிறோம், ஒன்று எதன்மேல் நிற்கிறதோ அதையும் ஆதாரம் என்கிறோம். பிளான்டிங்கா வேண்டாம் என்பது முதலாவதை மட்டும். இரண்டாவது கட்டாயம் இருக்கவேண்டும் என்கிறார். இந்த இழையில் முதலாவதைச் சான்று என்றும் இரண்டாவதை நிலைக்களன் என்றும் பிரித்து எழுதுகிறேன்.

அவர் தரும் உதாரணத்தையே பாருங்கள். எதிரே ஒரு மரம் தெரிகிறது. 'எனக்கு மரம்போல ஒரு தோற்றம் கிடைக்கிறது, இப்படித் தோன்றும்போது பெரும்பாலும் மரம் இருக்கும், ஆகவே மரம் இருக்கிறது' என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. தோற்றம் கிடைக்கிறது, நம்பிக்கை பிறந்துவிடுகிறது. அந்தத் தோற்றம் சான்றாக வேலை செய்யவில்லை, நிலைக்களனாக நிற்கிறது. காலையில் சாப்பிட்டது நினைவிருப்பதும், எதிரில் இருப்பவர் வலியில் துடிக்கிறார் என்று கண்டுகொள்வதும் இதே மாதிரிதான். இப்படி வேறு நம்பிக்கையிலிருந்து வருவிக்காமல் நேரடியாகப் பிறப்பதைத்தான் அடிப்படை நம்பிக்கை என்கிறார்.

கடவுள் விஷயத்திலும் 'கடவுள் இருக்கிறார்' என்ற பொதுவாக்கியம் நேரடியாக அடிப்படை நம்பிக்கையாவதில்லை என்கிறார். தவறு செய்தவருக்கு 'இது கடவுளுக்கு ஒப்பாதது' என்று உறைப்பது, மனம் வருந்தியவருக்கு 'மன்னிக்கப்பட்டேன்' என்று தோன்றுவது, இந்த மாதிரிக் குறிப்பான நம்பிக்கைகள்தான் அடிப்படை. கடவுள் இருக்கிறார் என்பது அவற்றுக்குள் அடங்கி வந்துவிடுகிறது. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டினால் நிலைக்களன் என்ற பேச்சே காணாமல் போய், 'சும்மா நம்பலாம் என்கிறார்' என்று மட்டும் மிஞ்சும்.

ஆக முதல் தடுப்பு இங்கேயே இருக்கிறது. நிலைக்களன் எதுவும் இல்லாமல் மனதில் தோன்றியதை அடிப்படை நம்பிக்கை என்று கூப்பிட முடியாது.

மறுதலை

முதல் தடுப்பு உயரம் போதாது. பூமி தட்டை என்பவரிடமும் நிலைக்களன் இருக்கிறது. வாசலில் நின்றால் தட்டையாகத்தானே தெரிகிறது!

ஒற்றைப்பனை

சரிதான். அங்கே வேலை செய்வது வேறு ஒரு தடுப்பு: முறிப்பான். தட்டையாகத் தெரிவதால் ஒரு குழந்தை அப்படி நம்பினால் அதில் குற்றம் இல்லை. கடலில் போகும் கப்பலின் அடிப்பகுதி முதலில் மறைவதும், சந்திர கிரகணத்தில் விழும் நிழல் எப்போதும் வட்டமாக இருப்பதும் தெரிந்த பிறகு அந்த நம்பிக்கை முறிந்துவிட வேண்டும். அடிப்படை நம்பிக்கை என்றால் அசைக்கமுடியாத நம்பிக்கை என்று பொருள் இல்லை. தொடங்கும்போது சான்று கேட்கமாட்டோம், எதிர்ச்சான்று வந்தால் பதில் சொல்லியாகவேண்டும்.

சுடர்விழி

பூசணிக்காய் ஆட்சேபத்தை விட்டுவிட்டீர்களே. 1983-இல் பிளான்டிங்காவே அதை எழுப்பிப் பதிலும் சொல்லிவிட்டார். படக்கதைச் சிறுவன் லைனஸ் ஆண்டுதோறும் ஹாலோவீன் இரவில் மாபெரும் பூசணி எழுந்து வரும் என்று வயலில் காத்திருப்பான். அந்த நம்பிக்கையும் அடிப்படையா என்று கேட்டால், இல்லை என்கிறார். எது அடிப்படை என்பதற்கான அளவுகோலை மேலிருந்து திணிக்கமுடியாது, தெளிவான உதாரணங்களைத் திரட்டிக் கீழிருந்து கட்டவேண்டும். கிறிஸ்தவரின் உதாரணப் பட்டியலில் கடவுள் உண்டு, பூசணி இல்லை. முடிந்தது.

பழைய அளவுகோலோ தன்னையே வெட்டிக்கொள்கிறது. தானே விளங்குவது, திருத்தவே முடியாதது, புலன்களுக்கு எட்டுவது, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கவேண்டும், அல்லது அவற்றிலிருந்து வருவிக்கப்பட வேண்டும் என்பது அந்த விதி. அந்த விதியே இந்த மூன்றிலும் சேராது, வருவித்துக் காட்டியவரும் இல்லை. ஆக கடவுள் நம்பிக்கை அறிவுக்குப் பொருந்தியது என்று நிறுவப்பட்டுவிட்டது.

மறுதலை

சுடர்விழி, கடைசி வாக்கியத்தில் இரண்டு படி தாவிவிட்டீர்கள். ஒரு விதி தன்னையே வெட்டிக்கொண்டால் அந்த விதி போகும். அது தடுத்து வைத்திருந்தவை எல்லாம் நல்லவை என்று ஆகிவிடாது. சான்று போதாமல் எதையும் நம்புவது எவருக்கும் எங்கும் தவறு என்று 1877-இல் கிளிஃபர்ட் எழுதியதும் இதே வெட்டில் விழலாம். விழுந்ததால் பிளான்டிங்கா வென்றார் என்று எப்படி?

பட்டியல் பதிலும் முடிந்துபோன விஷயம் இல்லை. கிறிஸ்தவர் தம் பட்டியலை வைத்துக் கட்டலாம் என்றால், பூசணியை வணங்குபவர்களும் தம் பட்டியலை வைத்துக் கட்டுவார்கள். மைக்கேல் மார்ட்டின் 1990-இல் கேட்டது இதைத்தான். பூசணி உள்ளே வருகிறதா என்பது இப்போது கேள்வி இல்லை. இந்த முறையைக் கையாண்டால் எந்தக் கூட்டமும் தன் அடிப்படையைத் தானே அங்கீகரித்துக்கொள்ளலாமே. அந்த ஆட்சேபத்துக்குப் பூசணியின் மகன் என்றே பெயர் வைத்தாயிற்று.

அளவை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இது மீமாம்சகர் சொன்ன ஸ்வதப்பிராமாண்யம் இல்லையா? எந்த அறிவும் பிறக்கும்போதே செல்லுபடியானது. பின்னால் வரும் எதிரறிவு அதை முறிக்கலாம், அல்லது அது பிறந்த வழியில் குறை இருப்பது தெரியவரலாம். இந்த இரண்டும் இல்லாதவரை அது செல்லும். பிளான்டிங்கா சொல்வது அப்படியே இதுதான். புதிதாக ஒன்றும் இல்லை.

ஒற்றைப்பனை

பாதி சரி, அளவை ஐயா. முறிப்பானை இரண்டாகப் பிரிப்பது நன்றாகவே பொருந்துகிறது: முடிவையே மறுப்பது ஒன்று, முடிவு வந்த வழியைக் கெடுப்பது மற்றொன்று. இந்த வேறுபாடு கீழே தேவைப்படும்.

மீதிப் பாதி பொருந்தாது. பிறந்ததாலேயே செல்லும் என்று பிளான்டிங்கா சொல்வதில்லை, எந்தக் கருவி பெற்றது என்று பார்க்கவேண்டும் என்கிறார். இன்னொன்றும் உண்டு. மீமாம்சகரான குமாரிலர் அந்தக் கொள்கையை வைத்து வேதத்தைக் காத்தார், உலகைப் படைத்த ஈசுவரனை மறுத்தார். ஒரே மாதிரிக் கட்டமைப்பில் அங்கே கடவுள் இல்லை, இங்கே கடவுள் உண்டு. மறுதலை கேட்கும் கேள்வி இதனால் கூர்மையாகத்தான் ஆகிறது.

சுடர்விழி, நீங்கள் 1983-இல் நின்றுவிட்டீர்கள். மகன் பூசணிக்குப் பதில் 2000 புத்தகத்தில்தான் இருக்கிறது. அதற்கு 'அறிவுக்குப் பொருந்துவது' என்ற சொல்லை மூன்றாக உடைக்கவேண்டும்.

முதலாவது, நம்புபவர் எந்தக் கடமையும் மீறவில்லை என்பது. ஆட்சேபங்களைப் படித்தார், யோசித்தார், அப்புறமும் அவருக்கு அப்படித்தான் தோன்றுகிறது என்றால் அவரைக் குறைசொல்ல முடியாது. இரண்டாவது, தமக்குக் கிடைக்கும் அனுபவத்துக்கு ஏற்ற நம்பிக்கையை அவர் மனம் உண்டாக்குகிறது என்பது. இந்த இரண்டும் மிக மலிவானவை, பூசணிக்காரருக்கும் கிடைத்துவிடும். பிளான்டிங்கா அதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார்.

மூன்றாவதுதான் வாரண்ட். பிடிவாரண்ட் இல்லை, உண்மையான ஒரு நம்பிக்கையை அறிவாக உயர்த்தும் தகுதி. அதற்கு நான்கு நிபந்தனைகள். நம்பிக்கையை உண்டாக்கும் மனக்கருவி பழுதில்லாமல் இயங்கவேண்டும். எந்தச் சூழலுக்காக அமைந்ததோ அந்தச் சூழலில் இயங்கவேண்டும். அது இயங்குவதன் நோக்கம் உண்மையைப் பிடிப்பதாக இருக்கவேண்டும், ஆறுதல் தருவதோ உயிர் பிழைக்கவைப்பதோ மட்டும் போதாது. அப்படி இயங்கும்போது பெரும்பாலும் உண்மையே கிடைக்கும்படி அமைப்பு நன்றாக இருக்கவேண்டும்.

இப்போது பூசணிக்காரரை இதில் போட்டுப் பாருங்கள். மாபெரும் பூசணி இல்லை என்றால், அவருக்குள் பூசணியை அறியும் கருவி என்று ஒன்று இருக்க வழியில்லை. எங்கோ பழுது அல்லது வேறு நோக்கம். வாரண்ட் இல்லை. கடவுள் விஷயத்தில், கடவுள் இருந்தால் நம்மைப் படைத்தவர் தம்மை அறியும் கருவியையும் வைத்திருப்பது இயல்பு. கால்வின் அதைத் தெய்வ உணர்வு என்றார். எனவே கடவுள் இருந்தால் அந்த நம்பிக்கைக்குப் பெரும்பாலும் வாரண்ட் உண்டு. இல்லாவிட்டால் பெரும்பாலும் இல்லை.

திணைமயக்கம்

ஒரு நிமிடம். 'இருந்தால்' என்றா எழுதியிருக்கிறீர்கள்? முழு வாதமும் ஒரு 'ஆல்' விகுதியில் தொங்குகிறதா?

ஒற்றைப்பனை

ஆம், அதில்தான் தொங்குகிறது. அவரும் அதை மறைக்கவில்லை. நம்பிக்கை உண்மைதானா என்று புத்தகத்தின் கடைசியில் அவரே கேட்டுவிட்டு, அதை நிறுவுவது தத்துவத்தின் வல்லமைக்கு அப்பாற்பட்டது என்று நிறுத்துகிறார்.

அவர் வெல்ல நினைத்தது ஒரு குறிப்பிட்ட எதிராளியை. 'கடவுள் உண்டா இல்லையா என்று நான் சொல்ல வரவில்லை, எப்படியிருந்தாலும் நம்புவது அறிவுக்கேடு' என்பவரை. அந்த நடுவழி இல்லை என்று காட்டுவதே குறி. அறிவுக்கேடு என்று சொல்லவேண்டுமானால் கடவுள் இல்லை என்பதையும் சேர்த்து வாதிட்டாக வேண்டும். உண்மையைப் பற்றிய கேள்வியிலிருந்து தகுதியைப் பற்றிய கேள்வியைப் பிரித்து எடுக்க முடியாது என்பதுதான் சாரம்.

சுடர்விழி

சரி, 'நிறுவப்பட்டுவிட்டது' என்பதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் எதிர்ச்சான்று எவ்வளவு குவிந்தாலும் அடிப்படை நம்பிக்கை நிற்கலாம் என்று அவர் காட்டியிருக்கிறார் அல்லவா? காணாமல்போன கடிதக் கதை.

மறுதலை

அந்தக் கதையைத்தான் எல்லோரும் அளவுக்கு மீறி இழுக்கிறார்கள். வாசிக்காதவர்களுக்காக எழுதுகிறேன். பிலிப் குவின் 1985-இல் ஆட்சேபம் எழுப்புகிறார்: படித்த, விவரமறிந்த, வயதுவந்த ஆத்திகருக்கு உலகில் உள்ள தீமையும் தெரியும், நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று சொல்லும் உளவியல் விளக்கங்களும் தெரியும். இந்த முறிப்பான்களை வைத்துக்கொண்டு அவருக்குக் கடவுள் நம்பிக்கை அடிப்படையாக நிற்பது அரிது. அடுத்த ஆண்டு பிளான்டிங்கா சொன்ன பதிலில் வரும் கதை இது.

ஒருவர் நிதிநல்கைக்கு விண்ணப்பிக்கிறார். தன்னைப் புகழ்ந்து பரிந்துரை எழுதினால் பணம் தருவதாகச் சக பேராசிரியருக்குக் கடிதம் எழுதுகிறார். அவர் மறுத்து, கடிதத்தைத் துறைத்தலைவரிடம் கொடுத்துவிடுகிறார். தலைவரின் அறையிலிருந்து அந்தக் கடிதம் காணாமல் போகிறது. எடுக்க இவருக்குக் காரணம் உண்டு, வாய்ப்பும் உண்டு, முன்பும் இப்படிச் செய்தவர் என்ற பேரும் உண்டு. அந்த நேரத்தில் இவர் அறைக்குள் நுழைந்ததைப் பார்த்ததாக நம்பத்தகுந்த ஒருவர் சொல்கிறார். ஆனால் அன்று பிற்பகல் முழுதும் இவர் தனியாகக் காட்டில் நடந்துகொண்டிருந்தார், அது தெளிவாக நினைவிருக்கிறது. மற்றவர்களிடம் உள்ள சான்று எல்லாம் இவரிடமும் இருக்கிறது. அப்படியும் 'நான் எடுக்கவில்லை' என்று இவர் நம்புவது சரியே. நினைவின் வாரண்ட் அந்தச் சான்றுகளைவிடக் கனம். வேறு வாதத்தைத் துணைக்கு அழைக்காமல் நினைவே முறிப்பானை முறித்துவிடுகிறது.

கதை அழகு, மறுக்கவில்லை. ஒரே ஒரு விவரத்தை மாற்றிப் பாருங்கள். அன்று மதியம் இவருக்குத் தெரியாமல் ஒரு மருந்து கொடுக்கப்பட்டது, அது நடக்காத நடையையும் தெளிவாக நினைவில் பதிக்கும் என்று நல்ல மருத்துவர் ஒருவர் சொல்கிறார். இப்போது 'எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறதே' என்று சொல்ல முடியுமா? சந்தேகத்துக்கு உள்ளானதே அந்த நினைவுதான். எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது தனக்குத் தானே சாட்சி சொல்ல முடியாது.

அளவை சொன்ன இரண்டு வகை இங்கே ஒட்டிக்கொள்கிறது. தீமையைச் சுட்டும் வாதம் சாட்சியைப் போல, முடிவையே மறுக்கிறது. அங்கே கடிதக் கதை உதவலாம். 1927-இல் ஃப்ராய்ட் சொன்னது, அதாவது தகப்பனைப் போல ஒரு காவலர் வேண்டும் என்ற ஏக்கம்தான் இந்த நம்பிக்கையைப் பெறுகிறது என்பது, மருந்தைப் போல வந்த வழியையே கெடுக்கிறது. அங்கே கடிதக் கதை உதவாது.

சுடர்விழி

நம்பிக்கை போதிய கனமாக இருந்தால்?

மறுதலை

மருந்து சாப்பிட்டவரின் நினைவும் அவருக்குக் கனமாகத்தான் இருக்கும். அதுதானே சிக்கலே.

ஒற்றைப்பனை

மறுதலை பிரித்தது சரி. பெரும்பாலான மேடை விவாதங்களில் இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுவார்கள். ஆனால் ஃப்ராய்டுக்குப் பிளான்டிங்கா கடிதக் கதையைக் காட்டவில்லை, வேறு பதில் சொன்னார். ஏக்கத்திலிருந்து பிறந்தது என்பது மட்டும் குறை ஆகாது. ஏக்கம் உண்மையைப் பிடிக்கும் நோக்கத்தோடு வைக்கப்படவில்லை என்றும் காட்டவேண்டும். கடவுள் இருந்தால், தம்மைத் தேடவைக்க அந்த ஏக்கத்தையே அவர் வழியாக வைத்திருக்கலாம். ஆக ஃப்ராய்டின் விளக்கம் முறிப்பானாக வேலை செய்ய, கடவுள் இல்லை என்பது முன்கூட்டியே உள்ளே செருகப்பட்டிருக்கவேண்டும். மருந்து உவமையில் அப்படி இல்லை. மருந்து நினைவைக் கெடுக்கும் என்று அறிய, கடிதத்தை யார் எடுத்தார் என்று தெரியவேண்டியதில்லை.

திணைமயக்கம்

அப்படியானால் ஐயப்பாட்டில் நிற்பவரின் கதி? உண்டு என்பவருக்கு ஃப்ராய்ட் முறிப்பான் ஆகமாட்டார், இல்லை என்பவருக்கு முறிக்க நம்பிக்கையே இல்லை. சரிபாதி ஊசலில் இருப்பவருக்கு ஒரு நாள் 'மன்னிக்கப்பட்டேன்' என்று தோன்றுகிறது என்று வையுங்கள். கடவுள் இருந்தால் இது அறிவு, இல்லாவிட்டால் ஏக்கம். எது என்று அவருக்குத் தெரியாது. அவர் அதை நம்பலாமா?

ஒற்றைப்பனை

இந்தக் கட்டமைப்பு அவருக்குத் தருவது மிகக் குறைவு. வாரண்ட் என்பது கருவி உண்மையில் ஒழுங்காக இயங்குவதைப் பொறுத்தது. ஒழுங்காக இயங்குகிறது என்று நமக்குத் தெரியவேண்டும் என்று நிபந்தனை இல்லை. கண்ணுக்கும் அதே கதைதான்: கண் நம்பகமானது என்று முன்பே நிரூபித்துவிட்டு யாரும் பார்ப்பதில்லை. எனவே கடவுள் இருந்து, அந்தத் தோற்றம் தெய்வ உணர்விலிருந்து வந்து, அவரும் நம்பினால், அவருக்கு அறிவு கிடைத்துவிடும். தனக்கு அறிவு கிடைத்தது என்று சொல்லிக்கொள்ளத்தான் அவரிடம் எதுவும் இராது.

மறுதலை

இன்னும் ஒரு படி கீழே போகலாம். கண் விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே மரம் தெரிகிறது. தெய்வ உணர்வில் ஒருவருக்கு மும்மை, ஒருவருக்கு ஒருமை, ஒருவருக்கு எதுவுமே இல்லை. சரிபாதி ஊசலில் இருப்பவருக்குத் தன் கருவிமேல் சந்தேகம் வர இந்தப் பலவிதமே போதும். இதற்குக் கடவுள் இல்லை என்பதை யாரும் உள்ளே செருகவேண்டியதில்லை. ஃப்ராய்டுக்குச் சொன்ன பதில் இங்கே செல்லாது.

ஒற்றைப்பனை

பாவத்தால் அந்த உணர்வு பழுதடைந்தது என்று பிளான்டிங்காவின் விரிந்த மாதிரி சொல்லும், பலவிதத்துக்கும் இல்லாமைக்கும் அதுவே காரணம் என்று. உள்ளிருந்து பார்த்தால் ஒத்துவருகிறது. வெளியில் நிற்பவருக்கு அது பதிலாகாது என்பதை ஏற்கிறேன். உள்ளிருப்பவருக்குப் பலவிதம் எவ்வளவு கனமான முறிப்பான் என்பதில்தான் எனக்கும் உங்களுக்கும் ஒத்துப்போகவில்லை. மற்றவர் மாறாகச் சொல்கிறார் என்பது மட்டும் போதும் என்றால், அரசியல், அறம், இந்த அறிவாய்வியல் எல்லாவற்றிலும் நாம் வாய்மூடவேண்டும்.

மறுதலை

வாய்மூடவேண்டாம். உறுதியைக் குறைத்துக்கொண்டால் போதும்.

கடைசிப்பெஞ்சு

அப்போ நான் முதல்ல சொன்னது தப்பு. அறிவை ஓரமா வைக்கச் சொல்லல, அறிவு ஒழுங்கா ஓடுதான்னு தீர்மானிக்கவே கடவுள் இருக்காரான்னு தெரியணும்ங்கறார். சரியா?

ஒற்றைப்பனை

சரி. 'தெரியணும்' என்பதை மட்டும் 'இருக்கணும்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

திணைமயக்கம்

புத்தகத்தின் மீதிப் பாதியில் முறிப்பான்கள் பகுதியை இனி வாசிக்கிறேன். பலவிதம் பற்றி அவர் அங்கே என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு ஊசலில் இருப்பவர் கேள்வியோடு திரும்ப வருவேன். அது தீர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.